கிளைக்குக் கிளை மாறும் சிவப்பு

கேள்வி: எங்களுடையது முறுக்கு, மிக்சர், சேவு விற்கும் நிறுவனம். கோவையில் தலைமை அலுவலகம், மொத்தம் 42 பிரான்சைஸ் கடைகள். மாதம் ஒருமுறை கடைக்காரர்கள் பெயர்ப்பலகை, அலமாரிப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், நாங்கள் 30 கேள்விகளுக்கு டிக் போட்டு மதிப்பெண் தருவோம். எல்லாரும் 90-க்கு மேல் வாங்குகிறார்கள். ஆனால் எங்கள் முதலாளி திருச்சி, ஓசூர் கடைகளைப் பார்த்துவிட்டு வந்து, "ஒரே கம்பெனிக் கடை மாதிரியே இல்லை, சிவப்பே மூன்று விதமாக இருக்கிறது" என்கிறார். கடைக்காரர்களைக் கேட்டால், "நீங்கள் கொடுத்த டிசைனைத்தானே அடித்தோம்" என்கிறார்கள். முறையாக ஆடிட் செய்ய எங்கே தொடங்குவது?

பதில்:

வணக்கம். வாட்ஸ்அப் படத்தை வைத்து மதிப்பெண் போடுவதை இந்த மாதத்தோடு நிறுத்திவிடுங்கள். கைபேசிக் கேமரா ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தைப் பார்த்து நிறத்தைத் தானாகச் சரிசெய்துகொள்கிறது. வெளிறிய சிவப்பும் நல்ல சிவப்பும் படத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியக்கூடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அளவு சுருங்கிவிடும், எப்போது எங்கே எடுத்தது என்ற விவரமும் கழன்றுவிடும். போன தீபாவளிக்கு எடுத்த படத்தை இந்த மாதத்துப் படம் என்று அனுப்பினாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் படத்தைவிடப் பெரிய கோளாறு உங்கள் 30 கேள்விகளில் இருக்கும் என்று நினைக்கிறேன். கடைகளை அப்புறம் பார்க்கலாம், முதலில் கேள்விகளைச் சோதியுங்கள்.

அதற்கு ஒரே ஒரு கடை போதும். உங்கள் ஆட்கள் இருவரை ஒரே நாளில், ஒரே நேரத்தில் அந்தக் கடைக்கு அனுப்புங்கள். ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் 30 கேள்விகளுக்கும் பதில் எழுதட்டும். ஒருவர் 5 குறை எழுதுகிறார், மற்றவரும் 5 குறை எழுதுகிறார், அதில் 3 மட்டும் இருவர் தாளிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 கேள்விகளில் 26-க்கு இருவர் பதிலும் ஒன்று, அதாவது 87 சதவீதம். பார்க்க நல்ல எண்ணாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான கேள்விகளுக்கு எந்தக் கடையிலும் 'ஆம்' என்றுதான் பதில் வரும் என்பதால், இருவரும் கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்டிருந்தாலே 70, 80 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். அதனால் குறைகளை மட்டும் தனியாக எண்ண வேண்டும். இருவர் தாளையும் சேர்த்தால் வெவ்வேறு குறைகள் 7. இருவர் கண்ணிலும் பட்டது 3. பாதிக்கு மேற்பட்ட குறைகள் யார் போனார் என்பதைப் பொறுத்தே பதிவாகின்றன. இந்த நிலையில் 42 கடைக்கும் ஆள் அனுப்பினால், கடைகளுக்குள் இருக்கும் வித்தியாசத்தோடு உங்கள் ஆட்களுக்குள் இருக்கும் வித்தியாசமும் கலந்துதான் அறிக்கையில் வரும்.

எந்தக் கேள்வியில் இருவரும் பிரிந்தார்கள் என்று பாருங்கள். "பெயர்ப்பலகை நல்ல நிலையில் உள்ளதா?", "அலமாரி ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளதா?" என்ற வகைக் கேள்விகளாகத்தான் அநேகமாக இருக்கும். 'நல்ல', 'ஒழுங்காக' என்பதெல்லாம் பார்ப்பவர் மனதில் இருப்பவை. முதல் கேள்வியை உடைத்தால் இப்படி வரும்: எல்லா எழுத்தும் இரவில் எரிகிறதா? லோகோவின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் வரையறைக்குள் இருக்கிறதா? லோகோவைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்தில் போன் நம்பரோ வேறு ஸ்டிக்கரோ இருக்கிறதா? ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் நின்றால் மரமோ பேனரோ கேபிளோ எந்த எழுத்தையாவது மறைக்கிறதா? இவற்றுக்கு யார் போனாலும் ஒரே பதில்தான் வரும். இப்படி உடைத்தால் கேள்விகள் பெருகும் என்று பயப்பட வேண்டாம். எந்தக் கடையிலும் தவறாத கேள்விகளை எடுத்துவிடலாம். 25-க்குள் அடங்கிவிடும்.

இனி உங்கள் முதலாளி கேட்ட சிவப்புக்கு வருகிறேன். சிவப்பு மூன்று விதமாக இருக்கிறது என்றால் காரணமும் ஒன்றுக்கு மேல் இருக்க வாய்ப்பு அதிகம். பொதுவாக நான் பார்ப்பவை மூன்று: அச்சே தவறாக வந்தது, வெயிலில் வெளிறியது, உள்ளே இருக்கும் விளக்கு மாறியது. மூன்றுக்கும் பொறுப்பாளி வேறு, செலவும் வேறு. அதனால் 'நிறம் சரியில்லை' என்று ஒற்றை வரியில் எழுதும் அறிக்கையால் பயனில்லை.

ஆடிட் செய்பவர் கையில் நிற மாதிரித் துண்டு ஒன்று இருக்க வேண்டும். அதைக் காகிதத்தில் அடிக்காதீர்கள். பலகையில் எந்த வினைல் ஒட்ட வேண்டுமோ அதே வினைலை, பலகை செய்யும் ஏசிபி என்ற அலுமினியத் தகட்டின் உள்ளங்கை அளவுத் துண்டில் ஒட்டிக் கொடுங்கள். காகிதத்தில் அடித்த சிவப்பும் வினைல் சிவப்பும் வெயிலில் ஒன்றாகத் தெரிந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். மூலப்பொருள் வேறானால் அப்படி நடக்கும். அந்தத் துண்டைப் பலகையை ஒட்டிப் பிடித்து, இரண்டும் ஒரே படத்தில் வரும்படி எடுக்க வேண்டும். கேமரா நிறத்தை எப்படி மாற்றினாலும் இரண்டையும் சேர்த்தேதான் மாற்றும் என்பதால், இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் படத்தில் தங்கிவிடும். ஏணி தேவைப்படும். அது சிரமம்தான், ஆனால் இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. துண்டை வெயில் படாமல் உறையில் வையுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். பான்டோன் நிறுவனமே தன் நிற அட்டைகளை 12 முதல் 18 மாதத்தில் மாற்றச் சொல்கிறது.

பகலில் நேரடி வெயில் இல்லாத நேரத்தில் ஒரு படம், விளக்கு போட்ட பிறகு ஒரு படம். பகலில் துண்டோடு பொருந்துகிறது, இரவில்தான் மற்ற கடைகளிலிருந்து மாறுகிறது என்றால் கோளாறு விளக்கில் அல்லது பலகைப் பொருளில். குளிர் வெள்ளை எல்இடியில், அதாவது 6500 கெல்வின் பக்கம் உள்ளதில், சிவப்புக் கூறு குறைவு. அதே வினைல் அதில் மங்கித் தெரியும். மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின் விளக்கு போட்டால் அதே சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாயும். பழுதான எல்இடியை மாற்ற வந்த உள்ளூர் எலக்ட்ரீஷியன் கையில் இருந்ததைப் போட்டிருப்பார். உங்கள் பிராண்ட் புத்தகத்தில் விளக்கின் கெல்வின் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு சாத்தியமும் உண்டு. பின்னாலிருந்து ஒளி வரும் கிளோ சைன் போர்டுக்கு ஒளி ஊடுருவும் வினைல் வேண்டும். விலை குறைவென்று சாதாரண வினைலை ஒட்டியிருந்தால் பகலில் கச்சிதமாக இருக்கும், இரவில் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். பலகை முழுவதும் சீராகக் கறுத்தால் வினைல், ஒரு முனையில் மட்டும் இருண்டால் எல்இடி வரிசையோ அதற்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸோ போயிருக்கிறது.

பகலிலேயே துண்டோடு பொருந்தவில்லை என்றால், அச்சா வெயிலா என்று பிரித்தாக வேண்டும். இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. எந்தப் பலகையிலும் வெயில் படாத ஓர் இடம் இருக்கும். சட்டத்துக்கு அடியில் மடங்கிய விளிம்பு, கிளிப்பின் அடிப்பகுதி, மேலே ஒட்டிய ஸ்டிக்கரின் பின்புறம். அந்த இடத்தின் சிவப்பையும் முகப்பின் சிவப்பையும் ஒப்பிடுங்கள். மறைவிடம் துண்டோடு பொருந்தி முகப்பு மட்டும் மாறியிருந்தால் வெளிறல். மறைவிடமே பொருந்தவில்லை, முகப்பும் அதே நிறத்தில் இருக்கிறது என்றால் அச்சடிக்கும்போதே தவறு. மறைவிடமும் பொருந்தாமல், முகப்பு அதைவிட வெளுத்தும் இருந்தால் இரண்டும் சேர்ந்து நடந்திருக்கிறது. இதையும் படமெடுத்து வைத்தால் கடைக்காரரோடு வாக்குவாதமே வராது.

ஃபிளெக்ஸில் அச்சடித்த சிவப்பு மெஜந்தாவும் மஞ்சளும் கலந்து வருவது. வெளியில் வைத்த அச்சில் இந்த இரண்டு மைகளும்தான் பொதுவாக நீலம், கறுப்பைவிடச் சீக்கிரம் போகும். அதனால்தான் உங்களுக்குச் சிவப்பு முதலில் தொல்லை தருகிறது. தெற்கும் மேற்கும் பார்த்த பலகைகளுக்கு வெயில் கூடுதல் என்பதால், ஒரே நாளில் மாட்டிய இரண்டு பலகைகளில் வடக்குப் பார்த்தது புதிதாகவே இருக்கும், மேற்குப் பார்த்தது வெளுத்திருக்கும். ஆடிட் தாளில் கடை எந்தத் திசை பார்க்கிறது, பலகை எந்த மாதம் மாட்டியது என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். ஓராண்டு இப்படிப் பதிந்தாலே, எந்தத் திசைக் கடைக்கு எத்தனை மாதத்தில் முகப்பை மாற்ற வேண்டும் என்று உங்கள் கையில் சொந்தக் கணக்கு வந்துவிடும்.

திருச்சி, ஓசூர் இரண்டையும் இந்த முறையில் பார்த்தால் என்ன வரும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். திருச்சிப் பலகை பகலில் துண்டைவிட வெளுத்திருக்கிறது, சட்டத்தின் அடியில் மட்டும் பொருந்துகிறது, கடை மேற்குப் பார்த்தது, பலகை ஃபிளெக்ஸ். இங்கே வெளிறல். பராமரிப்பு யார் செலவு என்று உங்கள் ஒப்பந்தம் சொல்கிறதோ அவர் முகப்பை மாற்ற வேண்டும். ஓசூர்ப் பலகையில் மறைவிடமும் முகப்பும் ஒரே நிறம், ஆனால் துண்டைவிட மெரூன் சாயல். இது அச்சுத் தவறு. நீங்கள் அனுப்பியது ஜேபெக் படமா, நிற எண் எழுதிய அச்சுக் கோப்பா என்று பாருங்கள். ஜேபெக் மட்டும் அனுப்பியிருந்தால், அச்சுக்காரர் தன் இயந்திரம் எந்தச் சிவப்பைத் தருமோ அதைத்தான் அடித்திருப்பார். "நீங்கள் கொடுத்த டிசைனைத்தானே அடித்தோம்" என்ற கடைக்காரர் சொல் அப்போது முழு உண்மை. அந்தச் செலவு உங்களுடையது. இனிமேல் எந்தப் பலகையானாலும், மாட்டுவதற்கு முன் ஒரு அடிக்கு ஒரு அடி மாதிரி அடித்து அனுப்பச் சொல்லி, துண்டோடு வைத்துப் பார்த்து ஒப்புதல் கொடுங்கள்.

லோகோ இழுபடுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பிரச்சினை. உங்கள் லோகோ 4-க்கு 1 என்ற விகிதத்தில் வரையப்பட்டது என்று வையுங்கள். ஒரு கடையின் முகப்பு நீளம் அதிகம், உயரம் குறைவு. கிடைத்த ஒரே கோப்பை அச்சுக்காரர் ஓரத்தைப் பிடித்து இழுத்து 5-க்கு 1 ஆக்கிவிடுவார். கண்ணுக்கு உடனே புலப்படாது, ஆனால் எழுத்து குட்டையாகத் தெரியும். முதலாளி சொன்ன 'ஒரே கம்பெனிக் கடை மாதிரி இல்லை' என்ற உணர்வில் பாதி இதுவாக இருக்கலாம். எதிர்ப்புறம் நேராக நின்று, அல்ட்ரா வைடு லென்ஸ் இல்லாமல், பலகை படத்தின் நடுவில் வரும்படி எடுங்கள். பக்கவாட்டில் நின்று எடுத்தால் அகலம் குறைந்து தெரியும், அல்ட்ரா வைடு ஓரங்களை இழுத்துவிடும். அந்தப் படத்தில் அகலத்தை உயரத்தால் வகுத்தால் போதும். 3.9-க்கும் 4.1-க்கும் நடுவே இருந்தால் விட்டுவிடலாம். தீர்வு கடையில் இல்லை. நீளமான முகப்பு, சதுர முகப்பு, மூலைக் கடை என்று மூன்று வடிவத்துக்கும் தனித்தனிக் கோப்பு உங்கள் அலுவலகத்திலிருந்து போக வேண்டும்.

தமிழ் எழுத்து விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல நிறுவனங்களின் பிராண்ட் புத்தகம் இதில்தான் கடைக்காரரைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் உள்ள விதிப்படி பெயர்ப்பலகையில் தமிழ் இருந்தே ஆக வேண்டும், பிற மொழி இருந்தால் தமிழ்தான் முதன்மையாகத் தெரிய வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்ற விகிதம் நடைமுறையில் உள்ளது. உங்கள் புத்தகத்தில் ஆங்கில லோகோ மட்டும் வரைந்திருந்தால், சட்டத்தை மதித்துத் தமிழைச் சேர்த்த கடைக்காரர் உங்கள் ஆடிட்டில் தோற்பார். அதைவிட மோசம், 42 பேரும் 42 தமிழ் எழுத்துருவில் சேர்த்திருப்பார்கள். தமிழ் லோகோவை நீங்களே வரைந்து, இரண்டும் சேர்ந்த பலகை அமைப்பையே தரமாக அறிவியுங்கள். ஓசூரைத் தாண்டிப் பெங்களூருவில் கடை திறக்கும் எண்ணம் இருந்தால் கன்னடத்துக்கும் இப்போதே வரைந்து வையுங்கள். கர்நாடகத்தில் 2024 திருத்தத்தின்படி பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும்.

சரி, அலமாரி. பலகை ஆண்டுக்கணக்கில் மாறுவது, அலமாரி மணிக்கணக்கில் மாறுவது. அதனால் நேரம் எழுதாத அலமாரி ஆடிட்டுக்கு மதிப்பில்லை. காலை கடை திறந்து அடுக்கி முடித்ததும் போனால் எல்லாக் கடையும் தேறும். மாலை 7 மணிக் கூட்டத்துக்குப் பிறகு போனால் நன்றாக விற்கும் கடைதான் முதலில் தோற்கும். எல்லாக் கடைக்கும் ஒரே நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் 3 முதல் 5 வரை வசதியானது. காலைக் கூட்டம் முடிந்திருக்கும், திரும்ப அடுக்கவும் நேரம் கிடைத்திருக்கும்.

அலமாரி வரைபடத்தை, பிளானோகிராம் என்பார்களே அதை, ஒரே அளவுக்கு வரைந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 4 அடி ரேக்கின் ஒரு தட்டு 122 செ.மீ. 200 கிராம் முறுக்கு பாக்கெட் 16 செ.மீ அகலம் என்றால் 7 பாக்கெட் முகம் காட்டி நிற்கும். ஒரு கடையில் இடமில்லாமல் 3 அடி ரேக் போட்டிருக்கிறார்கள், அதாவது 91 செ.மீ. அதில் 5-தான் நிற்கும். 'முறுக்கு 7 வரிசை' என்று தாளில் இருந்தால் அந்தக் கடை எப்போதும் தோற்கும், அல்லது பாக்கெட்டுகளைச் சாய்த்து நெருக்கி வைத்து 7 என்று காட்டும். எண்ணிக்கையை விட்டுவிட்டு வரிசை முறையையும் குறைந்தபட்சத்தையும் எழுதுங்கள். கண் மட்டத் தட்டில் இடமிருந்து வலமாக முறுக்கு, சேவு, மிக்சர். ஒவ்வொன்றும் அடுத்தடுத்து ஒரே தொகுப்பாக. முறுக்கு தட்டில் பாதிக்குக் குறையாமல். 3 அடி ரேக்கிலும் 6 அடி ரேக்கிலும் இது செல்லும், வாடிக்கையாளருக்கும் கடை ஒன்றுபோலவே தெரியும்.

தட்டில் காலி இடம் கண்டால் அங்கேயே நிற்காமல் பின்கட்டைப் பாருங்கள். சரக்கு உள்ளே இருந்தும் அடுக்கவில்லை என்றால் கடைக்காரர் பொறுப்பு. உள்ளேயும் இல்லை, ஆர்டர் போட்டும் வரவில்லை என்றால் உங்கள் டிப்போ பொறுப்பு. ஆர்டரே போடவில்லை என்றால் மறுபடி கடைக்காரர். இந்த மூன்றையும் 'காலி இடம்' என்று ஒரே பெட்டியில் போட்டால், உங்கள் டிப்போவின் தாமதத்துக்குக் கடைக்காரர் மதிப்பெண் இழப்பார். ஒருமுறை அப்படி நடந்தால் அதற்குப் பிறகு எந்த ஆடிட்டையும் அவர் நம்பமாட்டார், அது நியாயமும்தான்.

வெளி ஆட்களின் பொருளையும் பாருங்கள். குளிர்பானக் கம்பெனி இலவசமாகத் தரும் ஃபிரிட்ஜ் கல்லாவுக்கு முன்னால் வந்து நிற்கும், அதன் நிறம் உங்கள் நிறத்தை அமுக்கிவிடும். பக்கவாட்டுப் பலகையை அவர்களே போட்டுக் கொடுத்து லோகோவையும் வைத்திருப்பார்கள். இதைக் கண்டால் கோபப்படாமல், கடைக்காரருக்கு அதில் மாதம் என்ன கிடைக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜை எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்று வரைபடத்தில் இடம் குறித்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆடித் தள்ளுபடி போஸ்டர் ஐப்பசியிலும் தொங்குவது இன்னொரு வழக்கமான குறை. போஸ்டர் அடிக்கும்போதே கீழ் மூலையில் கழற்ற வேண்டிய தேதியைச் சிறிதாக அச்சடித்துவிடுங்கள். கடைப் பையனே பார்த்துக் கழற்றிவிடுவான்.

கடைசியாக மதிப்பெண். 100-க்கு இத்தனை என்பதைக் கைவிடச் சொல்வேன். பலகையில் இரண்டு எழுத்து எரியாத கடையும், விலைச் சீட்டு இரண்டு விழுந்த கடையும் உங்கள் தாளில் ஒரே மதிப்பெண் வாங்குகின்றன. அதற்குப் பதிலாக ஒவ்வொரு குறைக்கும் நான்கு விவரம் போதும்: என்ன குறை, படம், யார் சரிசெய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். 'யார்' என்ற கட்டத்தில் கடைக்காரர், தலைமை அலுவலகம், டிப்போ, போர்டு செய்தவர் என்று நான்கு பெயர் வரலாம். எரியாத எழுத்துக்கு ஒரு வாரம், விலைச் சீட்டுக்கு அன்றைக்கே, முகப்பு மாற்ற இரண்டு மாதம் என்று கெடு வையுங்கள். மாத அறிக்கையில் முதலாளிக்குக் காட்ட வேண்டியது, கெடு தாண்டியும் மூடாத குறைகள் யார் பெயரில் எத்தனை என்பதுதான். முதல் மாதம் தலைமை அலுவலகத்தின் பெயரில்தான் அதிகம் வரும் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் சுற்றில் 42 கடைக்கும் ஆள் நேரில் போக வேண்டும், வேறு வழியில்லை. அதற்குப் பிறகு, குறை திரும்பத் திரும்ப வரும் கடைகளுக்கும் மேற்கும் தெற்கும் பார்த்த கடைகளுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மற்றவற்றுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் போனால் போதும். இடைப்பட்ட மாதங்களில் கடைக்காரர்கள் படம் அனுப்பட்டும், ஆனால் வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது அசல் கோப்பே வரும். எழுத்து எரிகிறதா, போஸ்டர் இறங்கிவிட்டதா என்பதற்கு மட்டும் அந்தப் படத்தைப் பயன்படுத்துங்கள். நிறத்துக்கு அந்தத் துண்டோடு ஏணி ஏறித்தான் ஆக வேண்டும்.